நாள்தோறும் ஒரு புதிய வலை

நுழையும்முன்

நெசவு மனிதன் கண்டறிந்த கலை எனப் பெருமை கொள்கிறோம். நமக்கு முன்பே நூல் நூற்று, அளந்து, நெய்து, நெய்ததைத் தானே கலைத்து மீண்டும் நெய்யும் உயிரொன்று நம் வேலியோரத்தில் வாழ்ந்து வருகிறது. அது வலையின் நடுவில் ஏன் அசையாது காத்திருக்கிறது? நேற்று நெய்த வலை இன்றும் நிற்கும்போது அதை ஏன் கலைக்கிறது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுகிறது இவ்வுரைநடைப் பகுதி.

எல்லையோரத்து நெசவாளர்

கருநாடக எல்லையை ஒட்டிய கிருட்டிணகிரி மாவட்டத்தில் இயந்திரத்தின் ஒலியும் ஏரின் தடமும் அருகருகே அமைந்துள்ளன. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை உருவானது. அதன் சுற்றுச்சுவரைக் கடந்தால் கேழ்வரகுக் கொல்லைகளும் ரோசாத் தோட்டங்களும் தொடங்குகின்றன. தேன்கனிக்கோட்டை, தளி, சூளகிரிப் பகுதிகளில் பட்டுப்புழுவிற்கு உணவாகும் மல்பெரி வரிசை வரிசையாக வளர்க்கப்படுகிறது. செடிக்கும் செடிக்கும் இடையில் காற்று புகும் வெளி இருக்கும் இடமெல்லாம் வட்டவலைச் சிலந்திகளுக்கு ஏற்ற இடம்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மும்மொழியும் பேசப்படும் நிலம் இது. சிலந்தியைத் தெலுங்கு பேசுவோர் 'சாலெபுருகு' என்பர். சாலெ என்பது நெசவாளரைக் குறிக்கும் சொல். பழந்தமிழில் சிலந்திக்குச் 'சிலம்பி' என்றும் பெயருண்டு. தமிழில் வலையைக் குறிக்க மேலும் இரு சொற்கள் உள்ளன: ஒட்டடை, நூலாம்படை. வீட்டு மூலையில் கைவிடப்பட்டுத் தூசு படிந்து தொங்குவது ஒட்டடை. தோட்டத்தில் விடியற்காலையில் பனித்துளி தாங்கி நிற்கும் வட்டவலையை எவரும் ஒட்டடை என்று சொல்வதில்லை. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எளிதாகச் சொல்லிவிடலாம். தோட்டத்து வலை நாள்தோறும் புதுப்பிக்கப்படுகிறது; ஒட்டடை புதுப்பிக்கப்படுவதில்லை. ஏன் புதுப்பிக்க வேண்டும் என்பதை அறிவதற்கு, முதலில் அவ்வலை எதற்காக அவ்வாறு அமைக்கப்பட்டுள்ளது என்பதை அறிதல் வேண்டும்.

வண்டிச் சக்கரமும் வட்டவலையும்

மாட்டு வண்டியின் சக்கரத்தை நினைவில் கொள்வோம். அதன் நடுவில் குடம் இருக்கிறது. குடத்திலிருந்து ஆரக்கால்கள் நாற்புறமும் விரிகின்றன. அவற்றின் நுனிகளை வட்டை பிணைக்கிறது. வட்டவலையின் அமைப்பும் ஏறத்தாழ இதுவே. நடுவில் நெருக்கமாகப் பின்னப்பட்ட மையம். அதிலிருந்து விரியும் ஆர இழைகள். அவற்றை வெளிப்புறத்தில் தாங்கும் சட்ட இழைகள். இலை, கிளை, வேலிக்கம்பி ஆகியவற்றோடு சட்டத்தைப் பிணைக்கும் நங்கூர இழைகள். சக்கரத்தில் இல்லாத ஒன்று வலையில் உண்டு. ஆர இழைகளின் மேல் சுற்றிச் சுற்றிச் செல்லும் சுருள் இழையே அது.

ஆர இழையும் சுருள் இழையும் ஒரே நூல் அன்று. சிலந்தியின் வயிற்றுக்குள் பலவகைப் பட்டுச் சுரப்பிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தன்மையுடைய நூலைத் தருகிறது. ஆர இழை விறைப்பானது, வலிமையானது, ஒட்டாதது. சுருள் இழையோ இழுத்தால் தன் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீளக்கூடியது. அதன்மேல் பசைத்துளிகள் மணிகோத்தாற்போல் அமைந்திருக்கும். சுருள் இழையின் பணி பிடித்து வைத்தல். ஆர இழையின் பணி இரண்டு. பறந்து வந்து மோதும் பூச்சியின் வேகத்தைத் தாங்குவது ஒன்று. மோதிய செய்தியை நடுவிற்குக் கொண்டு சேர்ப்பது மற்றொன்று.

கண் காணாததைக் கால் அறியும்

வட்டவலைச் சிலந்திகளுள் பெரும்பாலானவற்றிற்கு எட்டுக் கண்கள் உண்டு. ஆயினும் அவற்றின் பார்வை கூர்மையற்றது. தன் வலையில் ஒரு முழம் தள்ளி விழுந்த ஈயைக் கண்ணால் அடையாளம் காண அவற்றால் இயலாது. அவற்றின் புலனறிவு கால்களில் குடிகொண்டுள்ளது. ஒவ்வொரு காலின் கடைப்பகுதியிலும், புறத்தோலில் அடுக்கடுக்கான நுண்ணிய கீறல்களைப் போன்ற புலனுறுப்பு ஒன்று அமைந்துள்ளது. கால் மிகச் சிறிதளவு அதிர்ந்தாலும் அக்கீறல்கள் நெருங்கி விலகும். அந்த நெருக்கமே நரம்பிற்குச் செய்தியாகிறது.

சிலந்தி வலையின் நடுவில் எட்டுக் கால்களையும் விரித்து, வெவ்வேறு திசைகளுக்குரிய ஆர இழைகளின்மேல் அவற்றை ஊன்றி நிற்கிறது. வலையின் எந்த மூலையில் பூச்சி சிக்கினாலும் அத்திசைக்குரிய ஆர இழை மற்றவற்றினும் மிகுதியாக அதிரும். எந்தக் கால் மிகுதியாக அதிர்கிறதோ அந்தத் திசையில் இரை இருக்கிறது. ஆக, நடுவிடம் என்பது சிலந்தி இளைப்பாறும் திண்ணை அன்று. எல்லாச் செய்திகளும் வந்து கூடும் ஒரே இடம் அது.

இதனை எளிய முறையில் மெய்ப்பித்துக் காட்டியவர் சார்லசு வெர்னான் பாய்சு என்னும் ஆங்கிலேய இயற்பியலாளர். 1880இல் அவர் தோட்டத்துச் சிலந்தி ஒன்றின் வலையில் இசைக்கவையைத் தட்டி வைத்தார். இசைக்கவையின் அதிர்வு சிக்கிய பூச்சியின் சிறகதிர்வைப்போல் வலையில் பரவியது. நடுவிலிருந்த சிலந்தி உடனே முன்கால்களால் இழைகளைத் தொட்டறிந்து, அதிரும் இழையைக் கண்டுகொண்டு, இசைக்கவையை நோக்கி விரைந்தது. அடுத்து நிகழ்ந்தது அதனினும் கருத்திற்கொள்ளத்தக்கது. சிலந்தி நடுவை விட்டு விலகி வலையின் வேறோரிடத்தில் இருக்கும்போது இசைக்கவையை வைத்தால், எப்பக்கம் செல்வதென்று அதனால் அறிய இயலவில்லை. அது முதலில் நடுவிற்கு ஓடியது. அங்கே எந்த இழை அதிர்கிறதென்று அறிந்தது. அதன்பின்னரே இசைக்கவையை நோக்கிச் சென்றது. ஓரத்தில் நிற்கும் சிலந்திக்கு ஏதோ சிக்கியிருக்கிறது என்பது மட்டுமே தெரியும்; எங்கே என்பது நடுவில்தான் தெரியும் என்பதை இச்சோதனை உணர்த்தியது.

தெரிந்து தெளிவோம்

திருவானைக்கா தலவரலாற்றில் சிலந்தியும் யானையும் இடம்பெறுகின்றன. நாவல் மரத்தடியில் இருந்த சிவலிங்கத்தின்மேல் சருகு விழாதிருக்கச் சிலந்தி வலை பின்னியது. யானை அதனைத் தூய்மையற்றது எனக் கருதி அழித்தது. சிலந்தி மீண்டும் பின்னியது. அச்சிலந்தியே பின்னர்க் கோச்செங்கட் சோழனாகப் பிறந்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. கதையில் வலையை அழித்தது யானை. இயற்கையில் பெரும்பாலும் தன் வலையைச் சிலந்தி தானே அழிக்கிறது.

அசையாமையின் பயன்

நடுவில் இருப்பதன் காரணம் விளங்கிற்று. அசையாதிருப்பது ஏன்? அமைதியான அறையில் மட்டுமே மெல்லிய ஒலி கேட்கும். சிலந்தி தன் காலை அசைத்தால் அந்த அசைவும் வலையின் அதிர்வே. தான் எழுப்பும் அதிர்வில் பூச்சி எழுப்பும் அதிர்வு மறைந்துபோகும். காற்றினால் வலை ஊசலாடுவது மெதுவான, ஒழுங்கான அசைவு. சிக்கிய பூச்சியின் துடிப்போ விரைவானது, ஒழுங்கற்றது. இவ்விரண்டையும் பிரித்தறியச் சிலந்தி தன்பக்கத்து அசைவை முற்றிலும் நிறுத்தியாக வேண்டும்.

இரண்டாவது காரணம் பகை. சேற்றால் கூடுகட்டும் குளவிகள் சில, சிலந்திகளையே தேடி வேட்டையாடுகின்றன. கொட்டிச் செயலிழக்கச் செய்து, தூக்கிச் சென்று, கூட்டினுள் தம் குஞ்சுகளுக்கு உணவாக அடைத்து வைக்கின்றன. நம் வீட்டுச் சுவரிலுள்ள பழைய குளவிக்கூட்டை உடைத்துப் பார்த்தால் உலர்ந்த சிலந்திகளைக் காணலாம். பறவைகளும் சிலந்தியை உண்ணும். திறந்த வெளியில் தொங்கும் உயிருக்கு அசைவு என்பது தன்னைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம்.

மூன்றாவது காரணம் சிக்கனம். தேடி அலையும் வேட்டையில் ஒவ்வோர் அடியும் செலவு. காத்திருக்கும் வேட்டையில் செலவு முன்கூட்டியே முடிந்துவிடுகிறது. வலை நெய்து முடித்தபின் நின்றால் போதும். சிலந்திகள் ஓய்வில் செலவிடும் ஆற்றல், அதே எடையுள்ள பிற விலங்குகளோடு ஒப்பிட மிகக் குறைவு. அதனால்தான் இரை கிட்டாத நாள்கள் பலவற்றை அவை தாங்கிக்கொள்கின்றன.

இந்த அசையாமை உறக்கம் அன்று என்பதை இரை சிக்கிய நொடியில் காணலாம். வலையில் விழுந்த பூச்சி நெடுநேரம் அங்கே கிடப்பதில்லை. பல பூச்சிகள் சில நொடிகளில் பிய்த்துக்கொண்டு தப்பிவிடும். அந்துப்பூச்சியின் சிறகுச் செதில்கள் எளிதில் உதிர்வதால், செதிலைப் பசையில் விட்டுவிட்டு உடல் நழுவிச் செல்லும். ஆகவே இரை கிட்டுமா கிட்டாதா என்பதைத் தீர்மானிப்பவை அந்தச் சில நொடிகளே. நடுவிலிருந்து எந்த ஓரமும் ஏறத்தாழச் சம தொலைவு. ஓரத்தில் காத்திருந்தால் எதிர் ஓரத்திற்குச் செல்ல வலை முழுவதையும் கடக்க வேண்டியிருக்கும். அதற்குள் இரை போய்விடும்.

இவ்விரைவின் தேவை சிலந்தி நிற்கும் கோலத்திலும் தெரிகிறது. பெரும்பாலான வட்டவலைச் சிலந்திகள் தலைகீழாகவே நிற்கின்றன. கீழ்நோக்கி ஓடுவது மேல்நோக்கி ஓடுவதைவிட விரைவானது. அதற்கேற்ப வலையின் மையமும் சற்று மேலே அமைகிறது. கீழ்ப்பகுதி பெரிதாகவும் மேற்பகுதி சிறிதாகவும் நெய்யப்படுகிறது. விரைந்து சென்று எட்டக்கூடிய பக்கத்தில்தான் வலையை விரித்துப் பயனுண்டு என்பது இதன் பொருள்.

சிக்கிய பூச்சி துடிப்பதை நிறுத்திவிட்டால் என் செய்வது? அப்போது சிலந்தி முன்கால்களால் ஆர இழைகளை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்க்கிறது. சுமை ஏறிய இழை சுமையற்ற இழையினின்றும் வேறுபட்டு அதிரும். வீணையின் நரம்பைத் தட்டிப் பார்ப்பதுபோன்ற இச்செயலை, மல்பெரித் தோட்டத்திலுள்ள வலையொன்றில் சிறு சருகைப் போட்டாலே நாம் காணலாம். சிலந்தி இழைகளைச் சுண்டும், சருகை அணுகும், இரை அன்றெனக் கண்டு அதனை அறுத்துக் கீழே தள்ளிவிடும்.

பசையின் வாழ்நாள்

இனி இரண்டாவது வினாவிற்கு வருவோம். ஆர இழை வலிமையானது. ஒரே நாளில் அது கெட்டுவிடுவதில்லை. நாள்தோறும் கெடுவது சுருள் இழையின் பசை.

பசைத்துளியில் பெரும்பகுதி நீர். அதனுள் ஒட்டும் தன்மையுடைய புரதமும், காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் உப்புகளும் கரைந்துள்ளன. அந்த ஈரமே பசையையும் அதனுள் ஓடும் இழையையும் குழைவாக வைத்திருக்கிறது. இழை தளரும்போது துளிக்குள் அது சுருண்டுகொள்கிறது. இழுக்கும்போது சுருள் அவிழ்ந்து நீள்கிறது. இதனால் பூச்சி எத்துணைத் துள்ளினாலும் இழை அறுவதில்லை. அது துள்ளி எழ உறுதியான பிடிமானமும் கிட்டுவதில்லை. இவ்வமைப்பை விளக்கும் ஆய்வை விராத், எட்மண்ட்சு ஆகிய அறிஞர்கள் 1989இல் வெளியிட்டனர்.

ஈரமான பசை பூச்சியை மட்டும் பிடிப்பதில்லை. காற்றில் வரும் அனைத்தையும் பிடிக்கிறது. மகரந்தம், செம்மண் துகள், பூச்சிச் செதில், சாலைப் புழுதி ஆகிய யாவும் துளிகளின்மேல் படிகின்றன. தூசு பூசிய கையில் ஒட்டுத்தாள் ஒட்டாததுபோல, தூசு போர்த்த துளியில் பூச்சி ஒட்டாது. வெயிலும் காற்றும் அதனை உலர்த்துகின்றன, மழை கழுவுகிறது. தப்பிச் சென்ற பூச்சிகளும் விழுந்த சருகுகளும் ஓட்டைகளை விட்டுச் செல்கின்றன. மாலைக்குள் வலை பார்வைக்கு முழுமையாகத் தோன்றினாலும் பிடிக்கும் திறனைப் பெருமளவு இழந்திருக்கும்.

அப்படியாயின் பழைய இழையின்மேல் புதிய பசையைப் பூசிவிடலாமே எனத் தோன்றும். அது சிலந்தியால் இயலாதது. சுருள் இழை ஒரு நுண்துளை வழியே வெளிவரும்போதே அருகிலுள்ள இரு துளைகளிலிருந்து பசையும் வந்து அதன்மேல் படிகிறது. நூற்பதும் பசை பூசுவதும் ஒரே செயல். நெய்து முடித்த இழைக்கு மீண்டும் பசை ஏற்ற வழியில்லை. ஆகவே புதிய பசை வேண்டுமெனில் புதிய இழை வேண்டும். புதிய இழைக்கு இடம் வேண்டுமெனில் பழையது அகல வேண்டும். நாள்தோறும் நெய்வதன் அடிப்படைக் காரணம் இதுவே.

ஓர் இரவின் வேலை

ஓசூர்ப் பகுதித் தோட்டங்களில் பகலிலும் நடுவலையில் எளிதாகக் காணக்கூடியது ஆர்சியோப் என்னும் பேரினத்தைச் சேர்ந்த கையெழுத்துச் சிலந்தி. பெண் சிலந்தியின் உடல் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் நீளமுடையது. எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கற்குறிபோல் நிற்கும். அதே வடிவில் வெண்ணிறத் தடித்த பின்னலையும் வலையில் இட்டு வைக்கும். அதன் பெயர்க்காரணம் அப்பின்னலே.

இரவின் பிற்பகுதியில், விடியலுக்குமுன், அதன் வேலை தொடங்குகிறது. முதலில் பழைய சுருளையும் ஆர இழைகளையும் அறுத்துச் சுருட்டி உருண்டையாக்கி உண்கிறது. சட்ட இழைகளும் அவற்றைத் தாங்கும் மேல் இழையும் உறுதியாக இருப்பின் அவற்றைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். புதிய இடமாயின் மேல் இழையைக் காற்றில் மிதக்கவிடும். அது எதிர்க்கிளையில் ஒட்டிக்கொண்டதும் அதுவே பாலமாகும். பாலத்தின் நடுவிலிருந்து கீழே இறங்கி ஒரு நூலைக் கட்டும். கவைக்கோல் வடிவான அம்மூன்று கிளைகள் சந்திக்கும் புள்ளியே வலையின் மையமாகிறது.

அடுத்து ஆர இழைகள். ஒரு பக்கம் ஓரிழை, பின் எதிர்ப்பக்கம் ஓரிழை என மாற்றி மாற்றி இடுவதால் வலை ஒருபக்கம் சாயாமல் இறுக்கம் சமமாகிறது. பின்பு நடுவிலிருந்து வெளிநோக்கி அகன்ற இடைவெளியில் ஒட்டாத சுருள் ஒன்றை இடுகிறது. இது கட்டடம் கட்டுவோர் அமைக்கும் சாரம் போன்றது. சிலந்தி நடப்பதற்கும் ஆர இழைகள் விலகாமல் நிற்பதற்கும் உதவும். இறுதியில் ஓரத்திலிருந்து நடுநோக்கிப் பசைச்சுருளை நெய்துகொண்டு வருகிறது. வரும் வழியில் சாரத்தை அறுத்துக்கொண்டே வருகிறது. காலால் அளந்தளந்து சுற்றுகளுக்கிடையே சீரான இடைவெளி விடுகிறது. நடுவிற்கு அருகில் வந்ததும் நின்றுவிடும். மையத்தைச் சுற்றிப் பசையற்ற வெளி ஒன்று எஞ்சும். வட்டவலைச் சிலந்திகள் இவ்வேலை முழுவதையும் அரைமணி முதல் ஒருமணி நேரத்திற்குள் முடித்துவிடும்.

உண்டதே நூலாகும்

பட்டு என்பது புரதம். புரதம் இரையிலிருந்தே வர வேண்டும். நாள்தோறும் அதனை வீசியெறிந்தால் சிலந்தி நெடுநாள் வாழ இயலாது. இதனால்தான் பழைய வலை உணவாகிறது.

டேவிட் பீக்கல் என்பவர் 1971இல் வெளியிட்ட ஆய்வில், கதிரியக்க அடையாளமிட்ட வலையைச் சிலந்திகள் உண்ணுமாறு செய்து, அடுத்த வலையில் அந்த அடையாளம் எவ்வளவு உள்ளதென அளந்தார். பழைய பட்டின் பொருளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு புதிய வலையில் திரும்பத் தோன்றியது. உண்டது புதிய இழையாக வெளிவர அரைமணி நேரமே போதுமானதாக இருந்தது.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஐரோப்பியத் தோட்டத்துச் சிலந்தியின் வலையில் ஏறத்தாழ 20 மீட்டர் நூல் இருக்கும். அத்துணை நூலின் எடை அரை மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. ஒரு வலைக்கு 0.5 மில்லிகிராம் பட்டு வேண்டும் எனக் கொள்வோம். பழைய வலையை உண்ணாவிடில் பத்து நாள்களுக்கு 5 மில்லிகிராம் புதிய பட்டு தேவை. உண்டு பத்தில் ஒன்பது பங்கை மீட்டால், முதல் நாள் 0.5 மில்லிகிராம், அடுத்த ஒன்பது நாள்களுக்கு நாளொன்றுக்கு 0.05 மில்லிகிராம் வீதம் 0.45 மில்லிகிராம். ஆக மொத்தம் 0.95 மில்லிகிராம். செலவு ஐந்தில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிடுகிறது. நாள்தோறும் புதுவலை என்பது ஊதாரித்தனமாகத் தோன்றினும் உண்மையில் முதல் கரையாத வணிகம்.

வலையோடு சேர்ந்து பிற பொருள்களும் வயிற்றுக்குள் செல்கின்றன. பனித்துளி நீராகிறது. பசையில் ஒட்டிய மகரந்தம் இளஞ்சிலந்திகளுக்கு உணவாகிறது. வலையைக் கெடுத்த தூசிலும் ஒரு பகுதி இவ்வாறு பயனாகிறது.

பட்டுப்புழுவையும் சிலந்தியையும் இங்கு ஒப்பிடலாம். பட்டுப்புழு தன் வாழ்நாளில் ஒருமுறை கூடு கட்டுகிறது. மல்பெரி இலையிலிருந்து சேர்த்த புரதத்தின் பெரும்பகுதியை ஒரே கூட்டில் இட்டுவிடுகிறது. கூட்டின் வேலை உள்ளிருக்கும் உயிரைக் காப்பது மட்டுமே. அதற்குப் பசையின் புதுமை தேவையில்லை. சிலந்தியின் பட்டோ வேட்டைக்கருவி. கருவி மழுங்கினால் பசி.

தெரியுமா?

1973இல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்திற்கு அராபெல்லா, அனிதா என்னும் இரு சிலந்திகள் அனுப்பப்பட்டன. எடையின்மையில் சிலந்தி வலை நெய்யுமா என்னும் இச்சோதனையை முன்மொழிந்தவர் ஜூடித் மைல்சு என்னும் பள்ளி மாணவி. தொடக்கத்தில் சிலந்திகள் தடுமாறின. சில நாள்களில் ஏறத்தாழ ஒழுங்கான வலையை நெய்தன. பின்னாளில் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் நடந்த சோதனையில், கீழ்மேல் அறிய ஈர்ப்பு இல்லாதபோது சிலந்திகள் விளக்கின் ஒளியைக் கொண்டு திசையறிந்தன எனத் தெரிந்தது.

விதிக்கு விலக்கு

ஒரு காரணம் சரியானதா என அறிய, அக்காரணம் இல்லாத இடத்தில் விளைவும் இல்லையா எனப் பார்த்தல் வேண்டும். வேலிகளிலும் கள்ளிப்புதர்களிலும் கூடாரம்போல் வலை கட்டும் சிலந்தி ஒன்றுண்டு. அறிவியலார் அதனைச் சிர்டோபோரா என்பர். கிடைமட்டமான அதன் வலை மிக நெருக்கமான சல்லடை போன்றது. மேலேயும் கீழேயும் சிக்கலான நூல்கள் நிறைந்தது. அதில் பசையே இல்லை. மேலுள்ள நூல்களில் மோதிய பூச்சி சல்லடைமேல் விழ, சிலந்தி அடியிலிருந்து பாய்ந்து பற்றுகிறது. பசை இல்லாததால் பசை கெடுவதும் இல்லை. அச்சிலந்தி வலையை நாள்தோறும் கலைப்பதில்லை. கிழிந்த இடத்தை மட்டும் செப்பனிட்டு வாரக்கணக்கில் பயன்படுத்துகிறது.

காடுகளில் வாழும் பெரிய நெஃபிலா சிலந்தி இடைநிலையில் உள்ளது. அதன் வலை மிகப் பெரியது. ஆகவே முழுவதையும் ஒரே நேரத்தில் கலைக்காமல் ஒரு பகுதியை மட்டும் புதுப்பித்து மறு பகுதியைப் பின்னர்ப் புதுப்பிக்கிறது. காத்திருக்கும் இடத்திலும் வேறுபாடு உண்டு. சில சிலந்திகள் நடுவில் நில்லாமல் சுருட்டிய இலைக்குள் ஒளிந்திருக்கும். அவையும் நடுவிலிருந்து இழுத்து வந்த ஒரு செய்தி இழையைக் காலில் பிடித்தபடியே இருக்கும். உடல் ஒளிந்திருந்தாலும் செவி நடுவில்தான் இருக்கிறது.

தூசும் மருந்தும்

கருங்கல் குவாரிகளும் சரக்குந்துகள் ஓயாது செல்லும் நெடுஞ்சாலையும் உள்ள மாவட்டம் இது. சாலையோர வேலியில் நண்பகலில் காணும் வலை வெண்மையாகத் தெரியும். நல்ல பசை ஒளி ஊடுருவக்கூடியது. வெண்மையாகத் தெரிந்தால் அது புழுதி. புழுதி படிந்த வலை பூச்சிக்கும் தெளிவாகத் தெரியும். தெரிந்த வலையில் எது வந்து விழும்?

பூச்சிக்கொல்லியின் தீங்கு வேறுவகையானது. நரம்பைத் தாக்கும் நஞ்சு சிலந்தியைக் கொல்லாத அளவில் பட்டாலும் அதன் நெசவு தடுமாறும். சுருளின் இடைவெளி சீர்கெடும். ஆர இழைகள் குறையும். சில நாள்கள் வலையே இராது. ஆகவே வலையைப் பார்த்தே சிலந்தியின் உடல்நிலையை ஒருவாறு அறியலாம். மல்பெரி இலையில் எஞ்சும் மருந்து பட்டுப்புழுவையே கொன்றுவிடும் என்பதால், அத்தோட்டங்களில் உழவர்கள் மருந்தடிப்பதில் மிகுந்த கட்டுப்பாடு காட்டுகின்றனர். பட்டுப்புழுவிற்காகக் கடைப்பிடிக்கும் அக்கட்டுப்பாட்டின் நிழலில் சிலந்தியும் பிழைத்துக்கொள்கிறது. ஒரு நூற்பாளருக்குச் செய்யும் காவல் இன்னொரு நூற்பாளருக்கும் காவலாகிறது.

விடாமுயற்சிக்குச் சிலந்தியை எடுத்துக்காட்டுவது வழக்கம். சிலந்தி முயல்வது தோற்றதனால் அன்று. நேற்றைய வலை தன் வேலையை முடித்துவிட்டது. அதன் பொருள் இன்றைய வலைக்குத் தேவைப்படுகிறது. ஆகவே விடியலுக்குமுன் அதனை உண்டு, நெய்து, நடுவில் சென்று, எட்டு இழைகளின்மேல் கால்களை ஊன்றி நிற்கிறது.

சொல்லும் பொருளும்

ஆரக்கால் – சக்கரத்தின் குடத்தையும் வட்டையையும் இணைக்கும் சட்டம்
இசைக்கவை – தட்டினால் ஒரே சுருதியில் அதிரும் கவை வடிவ உலோகக் கருவி
கவைக்கோல் – நுனியில் இரண்டாகப் பிரிந்த கோல்
சாரம் – கட்டடப் பணிக்காகத் தற்காலிகமாகக் கட்டப்படும் தாங்கமைப்பு
முதல் – வணிகத்தில் இடும் மூலப்பொருள்

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளி அல்லது வீட்டருகே உள்ள வட்டவலை ஒன்றைத் தேர்ந்து, ஐந்து நாள்கள் காலையிலும் மாலையிலும் தொடாமல் உற்றுநோக்குக. ஓட்டைகள், படிந்த தூசு, சிலந்தி நிற்கும் இடம், தலை நோக்கும் திசை ஆகியவற்றைக் குறித்து அட்டவணைப்படுத்துக.

2. சாலையோர வலை, தோட்டத்தின் உட்பகுதி வலை ஆகியவற்றை ஒரே நாளின் மாலையில் ஒப்பிட்டு, வேறுபாட்டிற்கான காரணத்தை ஒரு பத்தியில் எழுதுக.

3. வட்டவலைச் சிலந்தி, கூடார வலைச் சிலந்தி, பட்டுப்புழு ஆகிய மூன்றும் பட்டைப் பயன்படுத்தும் முறைகளை ஒப்பிட்டு வகுப்பில் உரையாடுக.

சிந்தனை வினாக்கள்

1. ஓரத்தில் நின்ற சிலந்தி இசைக்கவையை நோக்கி நேரே செல்லாமல் நடுவிற்கு ஓடியது எதனை உணர்த்துகிறது?

2. பழைய சுருள் இழைக்கு மீண்டும் பசை ஏற்ற இயலாமைக்குக் காரணம் யாது?

3. வலையை உண்ணும்போது பத்தில் ஐந்து பங்கு மட்டுமே மீண்டால், பத்து நாள்களுக்கு எவ்வளவு புதிய பட்டு தேவைப்படும்? பாடத்தில் உள்ள கணக்கோடு ஒப்பிட்டு விளக்குக.